சைனுக்குள் கலப்பெண்: ‘ஆர்க்யுமென்ட்’டுக்கு எந்தச் சொல்?

கரும்பலகை:

நண்பர்களுக்கு வணக்கம். இளநிலைக் கணித மாணவர்களுக்குக் கலப்பெண் பாடக்குறிப்புகளைத் தமிழில் எழுதி வருகிறேன். ஒரே தலைப்பில் மூன்று நாளாக நிற்கிறேன். sin z, cos z ஆகியவற்றில் z கலப்பெண்ணாக இருக்கும் பாடம் அது. சைனுக்குள் நாம் இடும் அந்த z-ஐ ஆங்கிலத்தில் ‘ஆர்க்யுமென்ட்’ என்கிறார்கள். அகராதியை நம்பி ‘கலப்பெண் வீச்சின் சைன்’ என்று தலைப்பிட்டுவிட்டேன். மறுநாள் ஒரு மாணவி எழுந்து, “வீச்சு என்பது arg z தானே ஐயா? அது மெய்யெண் ஆயிற்றே, அது எப்படிக் கலப்பெண் ஆகும்?” என்று கேட்டாள். சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. தமிழில் நான் இரண்டாவது வேலைக்கு முதல் வேலையின் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது கேள்வி: sinh, cosh இரண்டையும் ‘அதிபரவளையச் சைன்’, ‘அதிபரவளையக் கோசைன்’ என்று முழுதாகச் சொன்னால் பலகையில் பாதி நிரம்பிவிடுகிறது. குறுக்கலாமா?

ஏட்டுச்சுவடி:

ஐயா, சைன் என்ற சொல்லையே முதலில் மாற்றுங்கள். அதன் வேர் வடமொழியின் ‘ஜ்யா’, அதாவது வில்லின் நாண். அது அரபுக்குப் போய், எழுத்து மாறிப் பொருளும் மாறி, லத்தீனில் ‘சைனஸ்’ ஆகித் திரும்பி வந்தது. நாண் என்று நம்மிடம் சொல் இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்று? sin z என்பது ‘நாண் z’ ஆகட்டும். உள்ளே இருப்பது கோணம்தானே, அதைக் ‘கலப்புக் கோணம்’ என்றால் போதும்.

யாழ்வாசி:

ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன வரலாறு சரி, முடிவுதான் இடிக்கிறது. நாண் என்பது வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு ஏற்கெனவே பெயராகிவிட்டது. பழைய கணிதத்திலும் சைனுக்கு உரியது அரைநாண்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடமிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்க முடியாது.

‘கலப்புக் கோணம்’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. z கலப்பெண் ஆனதும் அங்கே கோணம் என்று வரைந்து காட்ட எதுவும் கிடையாது. அடுக்குக்குறிச் சார்பை வைத்துத்தான் சைனை வரையறுக்கிறோம்:

```
sin z = (e^(iz) - e^(-iz)) / (2i)
cos z = (e^(iz) + e^(-iz)) / 2
```

z-இன் இடத்தில் iy என்று இட்டுப் பாருங்கள். e-இன் அடுக்கிலிருந்த i மறைந்துவிடும். cos(iy) = cosh y என்றும் sin(iy) = i sinh y என்றும் தானாக வந்து நிற்கும். வட்டம் அதிபரவளைவாக மாறுவதும் இதே காரணத்தால்தான் (எங்கள் பாடநூல்களில் அதிபரவளைவு, உங்களுக்கு அதிபரவளையம்). x² + y² = 1 என்பதில் y-க்குப் பதில் iy இட்டால் x² − y² = 1 கிடைக்கிறது.

கோணத்தை விட முடியாது என்பவர்களுக்கு ஒரு சமாதானம் இருக்கிறது. அலகு வட்டத்தில் t ரேடியன் கோணத்துக்குரிய ஆரைச்சிறையின் பரப்பு t/2. அதிபரவளைவில் (cosh t, sinh t) என்ற புள்ளியை மையத்துடன் இணைத்தால் அச்சுக்கும் வளைவுக்கும் இடையே அடைபடும் பரப்பும் t/2 தான். ஆகவே இரண்டு இடத்திலும் t என்பதைப் பரப்பாகப் பார்க்கலாம். ஆனால் x + iy என்ற முழுக் கலப்பெண்ணை உள்ளே இட்டால் இந்தப் படமும் உதவாது. அதனால் சொல்லில் ‘கோணம்’ வேண்டாம்.

கடைசி வரிசை:

நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு முக்கோணக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது sin B = 2 என்று வந்தது. a = 3, b = 12, A = 30° என்று நானே எண்களைப் போட்டேன். கால்குலேட்டரில் பிழை என்று வந்தது. நீங்கள் எல்லாரும் சைனுக்குள் கலப்பெண்ணையும் இடலாம் என்கிறீர்கள்; அப்போது சைன் இரண்டுக்கும் சமமாகலாம் போலிருக்கிறது. அப்படியானால் அந்த முக்கோணம் இருக்கிறதா, இல்லையா?

யாழ்வாசி:

இல்லை. C-யிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு உள்ள செங்குத்துத் தூரம் 12 × ½ = 6. உங்கள் a வெறும் 3. கோடு போய்த் தொடவே தொடாது. அதைத்தான் sin B = 2 உங்களிடம் சொல்கிறது. கலப்பெண்ணில் தீர்வு இருப்பதால் காகிதத்தில் முக்கோணம் முளைத்துவிடாது. a-யை 6 அல்லது அதற்கு மேல் வையுங்கள், கணக்கு சரியாகிவிடும்.

நிரல்:

நான் sin z = 2 என்பதைத் தீர்த்துப் பார்த்தேன். கூட்டல் சூத்திரத்தில் யாழ்வாசி சொன்ன இரண்டையும் இட்டால் வருவது:

```
sin(x + iy) = sin x cosh y + i cos x sinh y
```

வலப்பக்கம் 2 என்பது மெய்யெண். ஆகவே கற்பனைப் பகுதி cos x sinh y பூச்சியம். sinh y பூச்சியமானால் y = 0, அப்போது sin x = 2 என்று பழைய சிக்கலுக்கே திரும்புகிறோம். எனவே cos x = 0, x = π/2 + nπ. மெய்ப்பகுதியிலிருந்து cosh y = 2, y = ±1.317. முடிந்தது. பைத்தானும் இதையே சொல்கிறது; `math.asin(2)` பிழை காட்டும், `cmath` காட்டாது:

```
>>> import cmath
>>> z = cmath.asin(2)
>>> round(z.real, 4), round(z.imag, 4)
(1.5708, 1.317)
```

யாழ்வாசி:

பாதை சரி, கடைசியில் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். x = 3π/2 என்று உங்கள் விடையிலிருந்தே எடுத்துச் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள். sin x = −1, cosh y = 2, பெருக்கினால் −2. cos x = 0 என்றால் sin x +1 ஆகவும் இருக்கலாம், −1 ஆகவும் இருக்கலாம். cosh y எப்போதும் 1-க்குக் குறையாது என்பதால் −1 நமக்கு ஆகாது. ஆகவே x = π/2 + 2nπ மட்டும்தான். உங்கள் விடையில் சரிபாதி sin z = −2 என்பதற்குரியது. விடைத்தாள் திருத்துகிறவர்கள் அதிகம் பார்க்கும் பிழை இது.

நேராகவும் தீர்க்கலாம். e^(iz) = w என்று வைத்தால் w² − 4iw − 1 = 0, அதாவது w = i(2 ± √3). மடக்கை எடுத்தால்:

```
z = π/2 + 2nπ - i ln(2 ± √3)
```

2 + √3, 2 − √3 இரண்டையும் பெருக்கினால் 1. அதனால் அவற்றின் மடக்கைகள் +1.317, −1.317 என்று எதிரெதிராக நிற்கின்றன. நிரல் கண்ட ± இதுவேதான்.

நிரல்:

ஒப்புக்கொள்கிறேன், n-ஐ அவசரத்தில் எழுதிவிட்டேன். ஆனால் இப்போது வேறொன்று உறுத்துகிறது. மடக்கைச் சூத்திரத்தில் முதன்மை மதிப்பை எடுத்தால் π/2 − 1.317i வருகிறது. பைத்தான் + கொடுத்தது. யார் சரி?

யாழ்வாசி:

இரண்டும் தீர்வுகளே. நேர்மாறு சைனுக்கு மெய்யச்சில் 1-க்கு அப்பால் ஒரு வெட்டு இருக்கிறது. 2 சரியாக அந்த வெட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மேலிருந்து நெருங்கினால் +, கீழிருந்து நெருங்கினால் −. பைத்தான் பூச்சியத்தின் குறியையே பார்க்கும்: `cmath.asin(complex(2, -0.0))` என்று கேளுங்கள், மற்றதைக் கொடுக்கும்.

பட்டகம்:

கணிதக்காரர்கள் ±-ஐ ‘இரண்டும் சரி’ என்று விட்டுவிடலாம். ஒளியியலில் எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. வைரத்துக்குள்ளிருந்து காற்றை நோக்கி ஏறத்தாழ 55.7° படுகோணத்தில் ஒளி வந்தால், ஸ்னெல் விதிப்படி காற்றுப்பக்கத்தில் விலகுகோணத்தின் சைன் 2.42 × 0.826, அதாவது 2. மாறுநிலைக் கோணமான 24.4°-ஐத் தாண்டிவிட்டதால் இது முழு அக எதிரொளிப்பு. பள்ளிப் பாடம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் விதியை விடாமல் பிடித்துப் போனால் அந்தக் கோணத்தின் கோசைன் ±i√3. அதைக் காற்றிலுள்ள அலையின் சமன்பாட்டில் இட்டால், பரப்பிலிருந்து விலக விலக அலை அடுக்குக்குறியில் தேய்கிறது. வெற்றிடத்தில் 600 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒளிக்கு, சுமார் 55 நானோமீட்டர் தொலைவில் அதன் உயரம் 1/e பங்காகிவிடும். குறியை மாற்றி எடுத்தால் அலை தூரம் போகப்போக ஊதிப் பெருகும். அப்படி ஒன்று நடக்காது. ஆகவே ஒரு குறியைத் தூக்கி எறிகிறோம்.

சொல்லைப் பற்றியும் ஒன்று: எங்கள் பாடத்தில் ‘வீச்சு’ என்பது அலையின் உயரம். மேலே வேண்டுமென்றே ‘உயரம்’ என்று எழுதினேன். கணிதத்தில் arg z-க்கும் வீச்சு, போதாததற்குச் சார்பின் மதிப்புகள் விழும் கணம் வீச்சகம். சைனுக்குள் இடுவதையும் வீச்சு என்றால் என் மாணவர்கள் ஓடிவிடுவார்கள்.

கடைசி வரிசை:

அப்படியானால் என் மகளின் முக்கோணத்தில் இல்லாதது வைரத்தில் இருக்கிறது என்கிறீர்கள். நல்லது. கணக்கில் 12-ஐ 5 ஆக்கிவிட்டேன்.

கரும்பலகை:

எல்லாருக்கும் நன்றி. சொல்லுக்கு வருகிறேன். ‘மாறி’ என்று எழுதிப் பார்த்தேன். Sin 2 என்னும்போது 2 மாறவில்லையே. ‘உள்ளீடு’ பொருந்துகிறது, கணினி வாடை மட்டும் அடிக்கிறது. ‘இடுமதிப்பு’ என்றால் என்ன? சார்புக்குள் இடுகிற மதிப்பு. தலைப்பு ‘கலப்பெண் இடுமதிப்புக்குச் சைன், கோசைன்’ என்றாகும். arg z வழக்கம்போல் வீச்சாகவே இருக்கட்டும்.

ஏட்டுச்சுவடி:

இடுமதிப்பு வினைத்தொகை. இட்ட, இடுகின்ற, இடும் மூன்றும் அடங்கும். நாணை விட்டுக்கொடுத்தாலும் இதை வரவேற்கிறேன்.

நிரல்:

நான் உள்ளீட்டின் பக்கம். நிரலாக்கத்தில் ஏற்கெனவே புழங்கும் சொல் இருக்க, எதற்கு இன்னொன்று?

யாழ்வாசி:

நிரலுக்குள் தரவு போவது வேறு, சார்பு ஒரு எண்ணின்மேல் செயற்படுவது வேறு. என் வாக்கு இடுமதிப்புக்கு. sinh-ஐ ‘அதிசைன்’ என்று குறுக்கலாம் என்று யாரும் கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: அதிபரவளைவில் ‘அதி’ பரவளைவோடு ஒட்டியது, சைனோடு ஒட்டியதல்ல. அதிசைன் என்றால் ஏதோ பெரிய சைன் என்று தோன்றும்.

பட்டகம்:

உண்மையில் பெரியதுதானே? மெய்யெண்ணை இட்டால் சைன் 1-ஐத் தாண்டாது, இது எங்கும் நிற்காமல் ஏறும். நான் வகுப்பில் அதிசைன் என்றே சொல்லப்போகிறேன்.

கரும்பலகை:

குறிப்பில் முதல் முறை முழுப்பெயரும் பிறகு sinh என்ற குறியீடும் மட்டும் எழுதுகிறேன். அதிசைன் வழக்கை அடுத்த மாதம் பார்ப்போம். அந்த மாணவிக்கு cos z = 2 என்பதைப் பயிற்சியாகக் கொடுத்தேன். z = 2nπ ± 1.317i என்று எழுதிவிட்டு, “சைனுக்கு வந்ததை π/2 நகர்த்தினேன், அவ்வளவுதான்” என்றாள். n-இல் பிழை இல்லை.