தலையாட்டினா அது பதில் சலாமா?

குன்னூரான்: "நேத்து ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் டீக்கடை பெஞ்சுல நம்மாளுங்க நாலு பேரு. சலாம் சொன்னேன். ஒருத்தர்தான் வாயத் தொறந்து பதில் சொன்னாரு, மத்த மூணு பேரும் போனப் பாத்துக்கிட்டே தலைய ஆட்டுறாங்க. இது பதிலா? என்ன கெத்து இவங்களுக்கு!"

ஊட்டி ரபீக்: எடுத்ததுமே ஊட்டிக்காரன் கெத்தா? சலாமே சுன்னத்துதான், பதிலும் அப்படித்தான். தலையாட்டினா போதும், மனசுல இருந்தா சரி.

கூடலூர் பாய்: பாதிதான் சரி ரபீக். முதல்ல சொல்றது சுன்னத்து, பதில் கடமை. குர்ஆன் 4:86 பாருங்க, சொன்னதை விட நல்லதா சொல்லு, இல்லேன்னா அதையாவது திருப்பிச் சொல்லுன்னு இருக்கு. அவரு உங்களுக்காக அல்லாஹ்கிட்ட துஆ கேட்டுட்டாரு, நீங்க அதை வாங்கி ஜோப்புல போட்டுட்டு தலைய ஆட்டினா அவருக்கு என்ன திரும்பிப் போச்சு? அவரு "ரஹ்மத்துல்லாஹ்" வரைக்கும் சொன்னா நீங்களும் அதுவரைக்கும் சொல்லணும், "பரகாத்துஹு" சேர்த்தா இன்னும் நல்லது, அதுவும் அவரு காதுல விழற மாதிரி. குன்னூராரே, உங்க கேஸ்ல ஒருத்தர் சொல்லிட்டாரு, நாலு பேரோட கடமையும் தீந்துச்சு. நாலு பேரும் தலைய மட்டும் ஆட்டியிருந்தா நாலு பேர் மேலயும் பாக்கி. ஒருத்தரை பேர் சொல்லி சலாம் சொல்லியிருந்தா அவரேதான் சொல்லணும், பக்கத்துல இருக்கறவர் சொன்னா ஆகாது.

குன்னூரான்: அப்ப மூணு பேரும் தப்பிச்சாங்களா?? தலையாட்டினாங்க பாய், தலை!

ஊட்டி ரபீக்: தொழுகைல இருக்கும்போது நபி கையால சைகை காட்டினாங்கன்னு ஹதீஸ் இருக்கே, அப்ப சைகையும் பதில்தானே?

கூடலூர் பாய்: தொழுகைல பேசக்கூடாது, அதனால கை. அந்த மூணு பேரும் வர்க்கிய டீல முக்கிக்கிட்டா தொழுதாங்க? காது கேக்காதவரு சலாம் சொன்னா சைகையோட வாயாலயும் சொல்லணும்னுதான் எங்க ஹஜ்ரத் சொல்லித் தந்தாரு.

கோத்தகிரி லாத்தா: எம்மவன் சவூதிலேர்ந்து போன் பண்றப்பல்லாம் பெரியத்தாவுக்கு சலாம் சொல்லும்பான், நானும் போய்ச் சொல்வேன், அவரு ம்ம்-னு சொல்லிட்டு டிவி பாப்பாரு. அதுக்கு யாரு கணக்கு?

கூடலூர் பாய்: அவருதான் லாத்தா. "அலைக்கி வ அலைஹிஸ்ஸலாம்"னு கொண்டு வந்த உங்களுக்கும் சேத்து, அனுப்பின மவனுக்கும் சொல்லணும். உங்க பங்கையும் சேத்து டிவிக்குக் குடுத்துட்டாரு.

ஊட்டி ரபீக்: எல்லாம் தெரிஞ்ச பாயே, வண்டில போறவருதான் நடந்து போறவருக்கு முதல்ல சலாம் சொல்லணும், அதுவும் ஹதீஸ்தானே? போன மழைல உங்க ஜீப்பு என் மேல சேத்த அடிச்சுட்டுப் போச்சே, அதான் சலாமா?

கூடலூர் பாய்: மூடுபனில ரோடே தெரியல, உங்க தலை எங்க தெரியும்.

ஊட்டி ரபீக்: நான் தலைய ஆட்டினேனே!

குன்னூரான்: பாத்தீங்களா, மறுபடி தலை.