டிரான்ஸ்கிரிப்ட் பிடிஎஃப் ரெஸ்யூமேயோடு சேரவில்லை, நாளை இரவு கடைசி நேரம்

ஜூரோங் மாணவி:
பல்கலைக்கழக வேலைவாய்ப்புத் தளத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். நாளை இரவு 11.59க்கு மூடிவிடும். ரெஸ்யூமேயும் டிரான்ஸ்கிரிப்டும் ஒரே பிடிஎஃபாக, 2 எம்பிக்குள் வேண்டுமாம். டிரான்ஸ்கிரிப்ட் பூட்டிய கோப்பு, எதனோடும் சேரவில்லை. அச்சடித்துக் கைபேசியில் படம் எடுத்துச் சேர்த்தால் 7 எம்பி ஆகிறது. இன்னொரு சிக்கல்: என் பெயரில் d/o இருக்கிறது. சாய்கோடு போட்டால் தளம் ஏற்கவில்லை. Surname வேறு கட்டாயம். என்ன போடுவது?

தெம்பனிஸ் தம்பி:
ரொம்பச் சுலபம். கோப்பை பிரவுசரில் திறந்து Print கொடுங்கள், பிரிண்டர் இருக்கும் இடத்தில் Save as PDF தேர்ந்தெடுங்கள். பூட்டு போய்விடும், அப்புறம் எதோடும் சேரும்.

உட்லண்ட்ஸ் அக்கா:
தம்பி சொன்ன வழியில் கோப்பு சேர்ந்துவிடும். ஆனால் பல்கலைக்கழகம் வைத்த டிஜிட்டல் கையொப்பமும் பூட்டோடு போய்விடும். அதனால் படிவத்தில் அந்த இடத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாரும்மா. Unofficial transcript போதும் என்றிருந்தால் தைரியமாகச் சேர்த்து அனுப்பு. Official என்றிருந்தால் மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக ஏற்ற இடம் இருக்கிறதா என்று தேடு. பெரும்பாலும் Other documents என்று ஒன்று கீழே இருக்கும்.

கைபேசிப் படம் வேண்டவே வேண்டாம். சேர்த்த கோப்பைத் திறந்து ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்துப் பார். எழுத்து நீலமானால் சரி. ஆகாவிட்டால் அது வெறும் படம், ரெஸ்யூமேயை வடிகட்டும் மென்பொருளுக்குப் படிக்கச் சிரமம்.

ஈசூன் அம்மா:
நேரத்தையும் கவனிங்க. என் மகன் சென்னைக் கல்லூரியிலிருந்து ஒரு செமஸ்டர் இங்கே வந்திருக்கிறான். அவனுடைய பிளேஸ்மென்ட் படிவம் இந்திய நேரப்படி 11.59. இங்கே அது மறுநாள் அதிகாலை 2.29.

உட்லண்ட்ஸ் அக்கா:
உங்கள் மகனுக்கு அது சரிதான்மா. இவருடையது இங்குள்ள தளம், சிங்கப்பூர் நேரம்தான்.

மாணவி, பெயரை டிரான்ஸ்கிரிப்டில் உள்ளபடியே எழுது. சாய்கோட்டுக்குப் பதில் இடைவெளி விடு, Surname பகுதியில் அப்பா பெயர். நான் அப்படித்தான் சொல்வேன்.

தெம்பனிஸ் தம்பி:
அப்பா பெயரைப் போட்டால் நேர்காணலில் அந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் அக்கா. நான் இரண்டு கட்டத்திலும் என் பெயரையே போட்டேன்.

உட்லண்ட்ஸ் அக்கா:
கூப்பிடுவதைத் திருத்திக்கொள்ளலாம் தம்பி. ஆவணத்தோடு பெயர் பொருந்தாவிட்டால் பிறகு சரிபார்க்கும்போது கேள்வி வரும்.

ஜூரோங் மாணவி:
Unofficial போதும் என்றே இருந்தது அக்கா. சேர்த்துவிட்டேன், 640 கேபிதான், எழுத்தும் நீலமாகிறது. ஆனால் ஏற்றிய பிறகும் Draft என்றே காட்டுகிறது.

உட்லண்ட்ஸ் அக்கா:
ஏற்றினால் மட்டும் போகாது. கடைசிப் பக்கத்தில் உறுதிமொழியை டிக் செய்து Submit கொடு. Submitted என்று மாறியதும் கோப்பைத் தளத்திலிருந்தே இறக்கித் திறந்து பார். தவறான கோப்பு போயிருந்தால் Withdraw செய்து மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும், 11.59க்கு முன் மட்டும்தான் முடியும். இன்றைக்கே முடித்துவிடு.

ஜூரோங் மாணவி:
Submitted வந்துவிட்டது, திறந்தும் பார்த்தேன். Surname பற்றி வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. d/o உள்ள வேறு யாராவது என்ன போட்டீர்கள்?