'பிழை வீச்சு'க்கு மாற்றுச் சொல் வேண்டும்

க.: நண்பர்களுக்கு வணக்கம். வெள்ளம் வடிந்தபின் சுவரில் தங்கும் நீர்க்கறையின் உயரத்தைக் கைபேசிப் படத்திலிருந்து கணக்கிடுவது பற்றி ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். எடுத்துக்காட்டுப் படம் மங்கல். சுவரில் ஒட்டிய ஏ4 தாளின் நீளப்பக்கம் (29.7 செ.மீ.) 40 படப்புள்ளிதான் வருகிறது, தரையிலிருந்து கறை வரை 180.

180 ÷ 40 × 29.7 = 133.7 செ.மீ.

உண்மை உயரம் இதற்கு இருபுறமும் எதுவரை இருக்கலாம் என்பதைக் குறிக்க ஒரு சொல் வேண்டும். 'பிழை வீச்சு' என்றால் யாரோ தப்பாக அளந்ததுபோல் இருக்கிறது.

மு.: பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும்? படத்தை நான்கு மடங்கு பெரிதாக்குங்கள். தாள் 160 புள்ளி ஆகிவிடும். ஒரு புள்ளி தவறினாலும் 0.6 விழுக்காடுதான்.

செ.: சொல் பற்றி நீங்கள் கேட்பது நியாயம், ஐயா. ஆனால் பெரிதாக்கினால் மங்கலும் சேர்ந்து நான்கு மடங்காகும். முன்பு ஒரு புள்ளி தடுமாறிய விளிம்பு இப்போது நான்கு புள்ளி தடுமாறும். அந்தத் தடுமாற்றம் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம்: முந்தைய எண்களைப் பார்க்காமல் ஒரே விளிம்பைப் பத்து முறை குறித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

விளிம்புக்கு ±1 என்று வையுங்கள். ஒரு நீளத்துக்கு இரண்டு விளிம்பு. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ±1.4. கறையின் 180இல் இது 0.8 விழுக்காடு. தாளின் 40இல் 3.5. இரண்டையும் அதே வழியில் சேர்த்தால் 3.6, அதாவது ±5 செ.மீ. கிட்டத்தட்ட முழுவதும் தாளிலிருந்தே வருகிறது! கறையை எவ்வளவு கவனமாகக் குறித்தாலும் பெரிதாகக் குறையாது. பெரிய அளவுகோல்தான் வேண்டும்.

இன்னொன்று. வெயில் பட்டுப் பளிச்சிடும் வெள்ளைத் தாள் படத்தில் விளிம்பு தாண்டிப் பருக்கும். இங்கே மொத்தம் 2 புள்ளி வரை பருத்திருக்கலாம் என்றால் தாள் உண்மையில் 38, உயரம் 141. பத்து முறை குறித்தாலும் இது தெரியாது, ஒரே பக்கம்தான் இழுக்கும். எனவே 129 முதல் 146 வரை என்று சொல்வதே நேர்மை.

ந.: என்னிடமுள்ள ஓலைச்சுவடிப் படத்தில் அளவுகோலே இல்லை. இதற்கும் இந்தக் கணக்கு செல்லுமா?

செ.: செல்லாது, அம்மா. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் மட்டும் கிடைக்கும், அதுவும் நேர் எதிரே நின்று எடுத்திருந்தால். செ.மீ. கிடைக்காது.

க.: அப்படியானால் இருபக்கமும் சமமில்லை. தச்சர் "கூடக்குறைய இருக்கும்" என்பார். அதிலிருந்து 'கூடுகுறை' எடுக்கலாமா? "134 செ.மீ., கூடு 12, குறை 5" என்று தனித்தனியாகவும் எழுத வரும்.

மு.: பெரிதாக்குவது பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். 'கூடு' என்றால் பறவைக்கூடு நினைவுக்கு வருகிறதே! 'ஐயவீச்சு' என்பேன்.

செ.: 'வீச்சு' அலைகளுக்கும் வழங்குகிறது, குழப்பும். என் வாக்கு கூடுகுறைக்கு. ஆனால் பருத்ததில் பாதியைக் கழித்து, தாள் 39 புள்ளி என்று வைத்து, 137 என்று நடுவை நகர்த்தியபின் கூடுகுறை எழுதுவதா, நகர்த்தாமலா? கையேடு எதைச் செய்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.