ஏஐ அறிக்கையில் 46% என்றால், எதில் 46?

சாட்ஸ்வொர்த் தேவகி
என் மகள் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்கு வந்த கரும்புத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தாள். அதற்கு "ஏஐ 46%" என்று அறிக்கை வந்திருக்கிறது. கட்டுரையின் 46 சதவீதத்தை இயந்திரம் எழுதியதாகத் துறையின் கடிதம் சொல்கிறது. அதே கட்டுரையை அவள் தோழி ஓர் இலவசத் தளத்தில் போட்டுப் பார்த்தபோது 91% என்று வந்தது. இரண்டில் எது சரி? அடுத்த வாரம் விசாரணை இருக்கிறது.

ஃபீனிக்ஸ் குமரன்
அக்கா, 46 என்பது பாதிக்கும் குறைவு. இயந்திரம் எழுதியிருக்க 46 வாய்ப்பு, உங்கள் மகளே எழுதியிருக்க 54 வாய்ப்பு. கிட்டத்தட்ட நாணயம் சுண்டிப் பார்ப்பது போலத்தான். சந்தேகத்தின் பலனை அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். இதை விசாரணையில் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

ரோஸ்ஹில் மங்கை
மொரீஷியஸில் நான் முதுகலை ஆய்வேடு கொடுத்தபோது எனக்கு 22% வந்தது. மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் நீக்கிப் பார்த்தால் குறைந்துவிடும் என்று என் நெறியாளர் சொன்னார். அப்படியே குறைந்தது. நீங்களும் அதைச் செய்து பாருங்கள்.

மாரிட்ஸ்பர்க் நடேசன்
மங்கை அம்மா, உங்களுக்கு வந்தது ஒப்புமைச் சதவீதம். அதில் நிறமிட்ட வரியைத் தொட்டால் அது எந்த நூலிலிருந்து வந்தது என்று மூலம் திறக்கும். ஏஐ சதவீதத்துக்குப் பின்னால் அப்படி எடுத்துக் காட்ட எந்த மூலமும் இல்லை. அங்கே இருப்பது கருவியின் கணிப்பு மட்டுமே.

குமரன் தம்பி, விசாரணையில் நீங்கள் சொன்னபடி வாதாடினால் அக்காவுக்குத்தான் பாதகம். பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ள டர்னிட்டின் நிறுவனத்தின் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அது முதலில் உரைநடை வாக்கியங்களை மட்டும் பிரித்தெடுக்கிறது. பட்டியல், கவிதை போன்றவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறகு உரையைச் சில நூறு சொற்கள் கொண்ட துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை மதிப்புக் கொடுக்கிறது. ஒரே வாக்கியம் பல துண்டுகளில் வருவதால் அந்த மதிப்புகளைச் சேர்த்துப் பார்த்து, இது இயந்திரத்துடையதா இல்லையா என்று முடிவு செய்கிறது. கடைசியில் உரையில் எவ்வளவு பங்கு அப்படிக் குறிக்கப்பட்டது என்பதையே சதவீதமாகக் காட்டுகிறது.

80 வாக்கியங்கள் இருந்து 37 குறிக்கப்பட்டால் ஏறத்தாழ 46% வரும். அந்த 37 மீதும் கருவி உறுதியாகவே கைவைத்திருக்கிறது. ஆகவே "பாதிக்கும் குறைவு, எனவே குற்றமில்லை" என்ற வாதம் அங்கே நிற்காது.

தோழி பார்த்த 91 வேறு வகையாக இருக்கலாம். சில தளங்கள் முழு ஆவணத்தையும் ஒன்றாக வைத்து, இதில் இயந்திரத்தின் கை இருப்பதாக எவ்வளவு உறுதியாக நம்புகிறோம் என்று சொல்கின்றன. ஒரே ஒரு பத்தியை அப்பட்டமாக இயந்திரத்திடம் வாங்கி ஒட்டிய கட்டுரைக்குப் பங்கு 15 ஆக இருந்தாலும் உறுதி 95 ஆக இருக்கலாம். கட்டுரை முழுவதும் ஐயத்துக்கு இடமாக இருந்தால் பங்கு 80 ஆகவும் உறுதி 60 ஆகவும் இருக்கலாம். எனவே 46-ம் 91-ம் ஒன்றையொன்று மறுப்பவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தளம் சதவீதத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வெருலம் விரிவுரையாளர்
அப்படியானால் கடிதம் எழுதியவர்கள் சரியாகத்தானே எழுதியிருக்கிறார்கள்? பங்கு 46 என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். 20-க்குக் கீழே வந்தால் அந்தக் கருவி எண்ணையே காட்டாமல் நட்சத்திரக் குறி மட்டும் போடுகிறது, ஏனென்றால் அங்கே தவறு அதிகம். 46 அந்த எல்லையைத் தாண்டிய எண். 20-க்கு மேல் வந்த ஆவணங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே தவறு என்று நிறுவனம் சொல்கிறது. 99 சதவீத நிச்சயத்தை ஒரு துறை எப்படிப் புறக்கணிக்க முடியும்? வாரந்தோறும் கட்டுரை திருத்துகிறேன். நேர்மையாக எழுதும் பிள்ளைகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

மாரிட்ஸ்பர்க் நடேசன்
இந்த இடத்தில்தான் உங்களோடு முரண்படுகிறேன். "46% இயந்திரம் எழுதியது" என்பதும் "46% இயந்திரத்துடையதாகக் குறிக்கப்பட்டது" என்பதும் ஒன்றல்ல. முதலாவது தீர்ப்பு. இரண்டாவது கணிப்பு. வாக்கிய அளவில் ஏறத்தாழ 4% தவறு நேர்வதாக அந்த நிறுவனமே 2023-இல் சொல்லியிருக்கிறது. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், இயந்திர வாக்கியத்துக்கு அருகிலிருக்கும் மனித வாக்கியமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளலாம்.

அந்த 99 உங்கள் கைக்கு வரும் வழியைப் பாருங்கள். நேர்மையான நூறு பேர் எழுதினால் அதிகபட்சம் ஒருவர் மாட்டுவார் என்பதே நிறுவனத்தின் கூற்று. மாட்டியவர்களில் எத்தனை பேர் நேர்மையானவர்கள் என்பது வேறு கேள்வி. ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் என் கற்பனை. 500 கட்டுரைகளில் 20 இயந்திரம் எழுதியவை, அவற்றில் 16 பிடிபடுகின்றன. மீதி 480 நேர்மையானவற்றில் நூற்றுக்கு ஒன்று என்றால் சுமார் 5 மாட்டும். மொத்தம் 21 மாணவர்களுக்குக் கடிதம் போகும், அவர்களில் 5 பேர் தவறு செய்யாதவர்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர். வகுப்பில் பாதிப் பேர் ஏமாற்றினால் இந்தப் பங்கு மிகவும் சுருங்கிவிடும். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் ஏமாற்றுகிறார்கள் என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. அதனால் 46-ம் சரி, 91-ம் சரி, இந்தப் பிள்ளை ஏமாற்றியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லவே இல்லை.

கேப் டவுன் பல்கலைக்கழகம் 2025 அக்டோபர் முதல் இந்த ஏஐ மதிப்பெண்ணையே கைவிட்டுவிட்டது.

ஃபீனிக்ஸ் குமரன்
46 பங்கைக் குறிக்கிறது என்பதை ஏற்கிறேன் ஐயா. ஆனால் அறிக்கையின் தலைப்பில் பெரிதாக ஒரே எண்ணைப் போட்டால் யாருமே வாய்ப்பு என்றுதானே படிப்பார்கள்? கடிதம் எழுதியவரும் எந்தப் பொருளில் படித்தார் என்று யாருக்குத் தெரியும்?

சாட்ஸ்வொர்த் தேவகி
அறிக்கையின் உள்பக்கத்தை மகளிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நிறமிட்ட வாக்கியங்கள் பெரும்பாலும் முன்னுரையிலும், கப்பல், ஒப்பந்த முறை பற்றிய பின்னணிப் பகுதியிலும் இருக்கின்றன. என் மாமியாரிடம் கேட்டு எழுதிய கரும்பாலைப் பகுதியில் ஒரு வரிகூட நிறமிடப்படவில்லை. அந்த இலவசத் தளத்தில் 91-க்குக் கீழே, ஆவணத்தில் ஏஐ உரை இருப்பதற்கான உறுதி என்றுதான் எழுதியிருக்கிறது. இன்னொன்று, முன்னுரையை மட்டும் ஆங்கிலத்தைச் சீர்செய்யும் செயலி ஒன்றில் போட்டு, அது காட்டிய திருத்தங்களை ஏற்றுக்கொண்டதாக அவள் சொல்கிறாள்.

வெருலம் விரிவுரையாளர்
அம்மா, பின்னணிப் பகுதியை இயந்திரத்திடம் வாங்கி, சொந்தப் பகுதியைத் தானே எழுதும் மாணவர்களிடம் நான் காண்பது சரியாக இதே அமைப்புதான். கடுமையாகப் பேசுவதாக நினைக்காதீர்கள்.

மாரிட்ஸ்பர்க் நடேசன்
ஒப்பந்தத் தொழிலாளர் வருகையைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே ஆண்டு, ஒரே கப்பல், ஒரே வாக்கிய வார்ப்புதான் வரும். எளிதில் ஊகிக்கக்கூடிய நடையைத்தான் இந்தக் கருவிகள் இயந்திர நடை என்று சந்தேகிக்கின்றன. முழுக்க அவளே எழுதியிருந்தாலும் இதே இடங்களில் நிறம் விழுந்திருக்கலாம். இரண்டு விளக்கங்களும் அந்தப் பக்கத்துக்குப் பொருந்துகின்றன. எது உண்மை என்று அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

செயலியின் திருத்தங்களை ஏற்றதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சீர்செய்த வாக்கியம் யாருடையது என்பதைத் துறையின் விதிதான் சொல்ல வேண்டும். அந்த விதி எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டுரை உருவான கோப்பின் பழைய பதிப்புகள் தேதியோடு இருந்தால் எடுத்துப் போங்கள். மாமியாரோடு பேசிய குறிப்பேட்டையும் சேர்த்து எடுங்கள்.

வெருலம் விரிவுரையாளர்
பழைய பதிப்புகளை நானாக இருந்தால் நிச்சயம் பார்ப்பேன். ஆனால் முன்னுரையைத் தன் சொற்களில் விளக்கும்படி அவளிடம் நேரிலும் கேட்பேன். அதை அநியாயம் என்பீர்களா?

சாட்ஸ்வொர்த் தேவகி
அப்படிக் கேட்டால் அவள் மகிழ்ச்சியாகவே பதில் சொல்வாள் ஐயா. கடிதத்தில் அதற்கு இடமே வைக்கவில்லை. "46 சதவீதம் இயந்திரம் எழுதியது" என்ற வரியை "குறிக்கப்பட்டது" என்று மாற்றும்படி இன்றே எழுதிக் கேட்கிறேன்.