ஆயா அக்காவுக்கு எழுதுற தாள்ல "1 மணி"ன்னு போடலாமா?

அண்ணாநகர்_அப்பா: எட்டு மாசப் பாப்பா. சனிக்கிழமை பார்த்துக்க ஒரு அக்கா வர்றாங்க. "காலைத் தூக்கம் 9, மதியம் 1, ராத்திரி 7:30, அழுதா தட்டிக்கொடுங்க"ன்னு ஒரு பக்கத்துல எழுதிட்டேன். போதும்தானே?

திருநகர்_அக்கா: அந்த 1 மணியை அடிச்சிருங்க தம்பி. "எழுந்ததுல இருந்து இரண்டரை மணி நேரம்"னு எழுதுங்க. பிள்ளை 6:20க்கு எழுந்தா 8:50க்குப் படுக்கணும். 40 நிமிஷத்துலயே முழிச்சிட்டா மணி 9:30, அடுத்த தூக்கம் 12க்கு. உங்க தாளை நம்பி 1 மணி வரைக்கும் வச்சிருந்தா முதுகை வில்லா வளைச்சுக் கத்தும். அதுக்கப்புறம் தட்டினா அடங்காது.

வாடிப்பட்டியான்: வர்றவங்க பிள்ளை பார்க்கவா, கணக்குப் பரீட்சை எழுதவா? மணின்னா மணி. எங்க வீட்டுல ரெண்டும் 1 மணிக்குத்தான் தூங்குச்சு.

திருநகர்_அக்கா: உங்க வீட்டுக் கடிகாரத்தைப் பிள்ளை பார்த்துச்சாக்கும்! தாளோட ஓரத்துல "எழுந்த மணி ___, அடுத்துப் படுக்க ___"ன்னு கோடு போட்டா நிரப்பத் தெரியாதா? கண்ணைக் கசக்கும், காதை இழுக்கும்னும் சேருங்க. அதுக்கு முன்னாடியே சுவரை வெறிச்சுப் பார்க்கும், அப்பவே தூக்கிரணும்.

செல்லூர்_67: சேலைத் தொட்டில்ல போட்டா மணியும் வேணாம், தாளும் வேணாம்.

திருநகர்_அக்கா: ஆட்டினா தூங்கும், இல்லைங்கல. எட்டு மாசத்துல தொட்டில் விளிம்பைப் பிடிச்சு எந்திரிக்கும்ணே. குப்புற விழும், கழுத்துல துணி சுத்தும். தட்டையான மெத்தை, மல்லாக்க, தலகாணி கூடாதுன்னு தாள்ல முதல் வரியா வரணும். அம்மா சேலைத்துணியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும்னா மடியில இருக்கும்போது கொடுக்கலாம், கண் அசந்ததும் உருவிரணும். அதையும் எழுதணும்.

செல்லூர்_67: தலைமுறை தலைமுறையா தொட்டில்லதான் வளர்ந்தோம். நீங்க மெத்தையிலயா பிறந்தீங்க?

மேலூர்_மகா: ஆயாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தர்றீங்க?

அண்ணாநகர்_அப்பா: அது இங்க எதுக்குங்க? "தட்டிக்கொடுங்க" சரிதானா?

திருநகர்_அக்கா: எங்க தட்டணும்னு எழுதலையே! முனகினதும் தூக்கக்கூடாது, இரண்டு நிமிஷம் பாருங்க, பாதி நேரம் தானா அடங்கிரும். அடங்கலைன்னா நெஞ்சுல கை வச்சு "ஓ ஓ"ன்னு சத்தம். அடுத்துப் பிட்டத்துல மெதுவாத் தட்டணும். அதுக்கும் மேல அழுதாத்தான் தூக்கணும். உங்க வீட்டு வரிசை வேறன்னா அதை எழுதுங்க. ராத்திரிக்கும் அப்படித்தான், உடம்பு துடைச்சு, டயப்பர் மாத்தி, பால் கொடுத்து, விளக்கணைச்சு, பாட்டு. வரிசை மாறினா பாப்பாவுக்குத் தூக்கம்னு புரியாது.

வாடிப்பட்டியான்: ஒரு பக்கம்னு கேட்டாரு, நீங்க நோட்டே போட்டுட்டீங்க. 1 மணிக்கு இன்னும் பதில் இல்லை.

திருநகர்_அக்கா: 12ன்னு சொல்லியாச்சு.

வாடிப்பட்டியான்: அது 6:20க்கு எழுந்தா. 7 மணிக்கு எழுந்தா?

திருநகர்_அக்கா: இப்பத்தானே கணக்கு வேணாம்னீங்க!

வாடிப்பட்டியான்: மணின்னா மணிதான்.