சுண்டல் கடையில் காணாமல் போன 240 ரூபாய்

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர்:
எங்கள் பள்ளிச் சந்தையில் வகுப்புக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு லாபப் பாடம். முதலீட்டைப் பள்ளியே கடனாகத் தரும். மாலையில் திருப்பிக் கட்ட வேண்டும். ஏழாம் வகுப்புக்கு இந்த முறை சுண்டல்.

கொண்டைக்கடலை 4 கிலோ 400 ரூபாய். தேங்காய், மாங்காய், தாளிப்புக்கு 200. பாரிமுனையில் வாங்கிய கப், ஸ்பூன் 120. கேஸ் 80. மொத்தம் 800 ரூபாய்க்கு 100 கப். ஒன்றின் அடக்கம் 8, விலை 15. எதிரே ஒன்பதாம் வகுப்பின் அத்தோ கடையில் முட்டை வெந்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது. 70 கப்தான் விற்றது.

“கப்புக்கு 7 ரூபாய், 490 லாபம்” என்று பலகையில் எழுதிவிட்டார்கள். கல்லாவில் 1,050 இருந்தது. கடன் போக 250. மீதி 240 எங்கே? பணம் வாங்கிய பையனைச் சந்தேகித்து, அவன் சட்டைப்பையைக்கூடத் தடவினார்கள். விற்காத 30 கப்பைக் காட்டி, எட்டால் பெருக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரம்பூர் அப்பா:
கடைசி அரை மணியில் 10 ரூபாய்க்குக் கொடுத்திருக்கலாமே? அடக்கம் 8 ஆயிற்றே, அதற்குக் கீழே மட்டும் இறங்கக் கூடாது. இறங்கினால் நஷ்டம்.

காசிமேடு மீன் வியாபாரி:
பத்து சரி. எட்டோடு ஏன் நிற்க வேண்டும், அண்ணே? அந்த எட்டு ரூபாய் காலையிலேயே செலவாகிவிட்டது. தேங்காய் போட்ட சுண்டல் சாயங்காலம் பிசுபிசுத்துப் புளித்துவிடும். 5 ரூபாய்க்குத் தள்ளினாலும் 150 வரவு, லாபம் 400. காலையில் ஏலம் எடுத்த விலையையே மதியம் வரை பிடித்துக்கொண்டிருந்தால் நான் கூடையோடு கடலில்தான் கொட்ட வேண்டும்.

ராயபுரம் அம்மா:
என் மகன் வகுப்பு அத்தோவில் 1,800 லாபம் என்று கைதட்டல் வாங்கியது. நூடுல்ஸ், எண்ணெய், முட்டை எல்லாம் நாங்கள் நான்கு அம்மாக்கள் வாங்கித் தந்தது. விடிய விடிய வெங்காயம் நறுக்கியதும் நாங்களே. யாருடைய லாபம் அது?

கொருக்குப்பேட்டை வாசகி:
வெளியாட்களுக்குக் கடை உண்டா? நான் வீட்டில் முறுக்கு சுடுகிறேன்.

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர்:
மாணவர்களுக்கு மட்டும்தான், அம்மா. ராயபுரம் அம்மா, வீட்டிலிருந்து வந்த பொருளுக்கும் கடை விலை போட்டுச் செலவில் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. நறுக்கிய கைக்கு என்ன போடுவது என்று ஆசிரியர் அறையிலேயே இன்னும் சண்டை.

காசிமேடு அண்ணன் சொன்னதை ஏழாம் வகுப்பில் சொன்னேன். “அடுத்த தடவை எல்லாரும் 5 ரூபாய் ஆகும்வரை காத்திருந்தால்?” என்று ஒரு பெண் கேட்டாள். நீங்கள் என்ன செய்கிறீர்கள், அண்ணே?

காசிமேடு மீன் வியாபாரி:
காத்திருப்பவருக்கு நல்ல மீன் மிஞ்சாது, டீச்சர். சுண்டலில் எல்லா கப்பும் ஒன்றுதானே, அங்கேதான் சிக்கல். 70 கப்புக்கு ஊறவைத்துப் பாருங்களேன்.