மேலமாசி வீதிக் கடைக்கு என்ன எழுதுறது?

நான்: சுங்குடி பர்ஸ் விஷயமா அந்த சேலைக் கடைக்காரருக்கு இதை அனுப்பப் போறேன், பாருங்க. "வணக்கம் ஐயா, நான் 4 வருஷமா தைக்கிறேன், என் பர்ஸ் ரொம்பத் தரமானது, உங்க கடையில வைக்க வாய்ப்பு தாங்க."

சித்தி: நல்லாத்தானே இருக்கு! விலையை நேர்ல பேசிக்கலாம்.

பெரியப்பா: ஸ்டேஷனரி கடையில 20 வருஷம் உக்காந்தவன் சொல்றேன்த்தா. இதைப் பாத்ததும் "நம்மள வாங்கச் சொல்றா"ன்னு நினைச்சு ஒதுக்கிருவாரு. வித்தாத்தான் காசுங்கிறது முதல் ரெண்டு வரிக்குள்ள வரணும்.

மாமா: உனக்கு வேண்டியதை மட்டும் சொல்லு. 126 ரூபாய்னு வச்சு, அவரு இஷ்டத்துக்கு வித்துக்கட்டும்.

பெரியப்பா: நம்ம காசைத் தெளிவாச் சொல்லணும்கிறது சரிதான் மாப்ள. ஆனா அவரு 220 போட்டு, இவ வீட்ல 180க்குக் குடுத்தா வாங்குனவங்க கடையில போய்ச் சண்டை போடுவாக. சீட்டுல 180னு ஒட்டிரு. நூத்துக்கு 30 அவருக்கு, அதாவது 54. மிச்சம் 126 உனக்கு. துணி, ஜிப், கூலி எல்லாம் சேத்து என்ன அடங்குது?

நான்: 85 பெரியப்பா.

பெரியப்பா: அப்ப 41 நிக்குது. தாராளமா கேளு.

மதினி: நானும் ஒரு கடையில ஊறுகாய் குடுத்தேன். எத்தனை பாட்டில் வச்சேன்னு எழுதலை. மூணு மாசம் கழிச்சு "நீ 10 தான் குடுத்தே"ன்னுட்டாங்க, நான் குடுத்தது 18.

பெரியப்பா: அதுக்குத்தான் ரெண்டு சீட்டு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ஆனா அதெல்லாம் பொருள் வைக்கிற அன்னைக்கு. முதல் மெசேஜ்லயே சீட்டு, கையெழுத்துன்னா மனுஷன் மிரண்டுருவாரு.

நான்: அவரு கடைக்குப் போனேன். சுங்குடிச் சேலை அடுக்கிருக்காரு, அதே துணியில சின்னப் பொருள் ஒன்னுகூட இல்ல.

பெரியப்பா: அதை எழுதுத்தா! அவரு கடையைப் பாத்துட்டுத்தான் கேக்குறேன்னு தெரியும்ல.

நான்: இப்பப் பாருங்க:

"வணக்கம் ஐயா. செல்லூர்ல சுங்குடித் துணியில ஜிப் பர்ஸ் தைக்கிறேன். 12 பர்ஸ் உங்க கடையில வச்சுப் பார்க்கலாமா? முன்பணம் வேண்டாம், வித்ததுக்கு மட்டும் காசு. விலை 180, அதில் உங்களுக்கு 54. 30 நாள்ல எண்ணிப் பார்த்து, விக்காததை நானே எடுத்துக்கிறேன். போன வாரம் உங்க கடைக்கு வந்தேன், சுங்குடிச் சேலைக்குப் பக்கத்துல இது பொருந்தும்னு தோணுச்சு. புதன்கிழமை மதியம் 10 நிமிஷம் வந்து காட்டலாமா?"

சித்தி: படம் 10 அனுப்பு!

பெரியப்பா: ரெண்டு போதும். ஒன்னு கையில பிடிச்ச மாதிரி, அளவு தெரியட்டும். சாயங்காலம் கூட்டம், மதியம் 3 மணி வாக்குல அனுப்பு.

மதினி: கண்ணாடியில வச்சு வெயில்ல சாயம் வெளுத்தா யாரு நஷ்டம்?

மாமா: கடைக்காரருதான்.

பெரியப்பா: அவரு ஒத்துக்கணுமே. நேர்ல கேட்டுத்தான் பாக்கணும்.

நான்: 3 மணிக்கு அனுப்பிட்டேன். நீல டிக் விழுந்துருச்சு, பதில் இன்னும் வரலை.